மின் பலகையில் தீ: முதலில் அணைக்க வேண்டியது எது?
(விஞ்ஞான மன்ற மாணவியர்)



சென்ற ஆண்டு விழாவிற்கு முந்தின நாள் மாலை, கலையரங்கத்தின் மாடிப்படிக்குக் கீழேயுள்ள சிறிய அறையில் மின் பலகை தீப்பற்றியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று நம்மில் பெரும்பாலோர் விளையாட்டுத் திடலில் வரிசையாக நின்று தூரத்தில் புகையை மட்டுமே கண்டோம். உள்ளே நடந்தது என்ன, தீ ஒருமுறை அணைந்த பிறகு மீண்டும் ஏன் பற்றியது என்பதை அன்று அருகிலிருந்தவர்களிடம் கேட்டும், பௌதிக ஆசிரியையின் உதவியோடு கணக்கிட்டும் அறிந்து கொண்டோம். அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

மீன் வாசனை

அன்று வெள்ளிக்கிழமை. மேடையில் ஒத்திகை நடந்து கொண்டிருந்தது. மாலை ஐந்து மணியளவில் ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, "அக்கா, மீன் வாசனை வருகிறது" என்றாள். விடுதியில் இன்று மீன் குழம்பாக்கும் என்று சொல்லி நாம் சிரித்தோம். ஆனால் விடுதிச் சமையலறை இருப்பதோ வளாகத்தின் மறு கோடியில். காற்றும் அந்தத் திசையிலிருந்து வீசவில்லை. சிறிது நேரத்தில் மேடை விளக்குகள் மங்குவதும் ஒளிர்வதுமாய் இருந்தன. படிக்கட்டின் அருகே சென்றால் வண்டு ரீங்காரமிடுவது போன்ற ஓசையும் கேட்டது.

இம்மூன்றும் ஒரே செய்தியைச் சொன்னவை என்பதைப் பின்னரே உணர்ந்தோம். சுவிட்சுகளும் அவற்றின் அடிப்பகுதிகளும் செய்யப்படும் சில வகைப் பிளாஸ்டிக்குகள் மிகவும் சூடேறும்போது மீன் வாசனையைப் போன்றதொரு நெடியை வெளிவிடுகின்றன. கம்பி இணைப்பு தளர்ந்து மின்னோட்டம் விட்டுவிட்டுப் பாயும்போது விளக்கு மினுக்குகிறது. தளர்ந்த இடத்தில் சிறு பொறிகள் இடைவிடாது தாவுவதே அந்த ரீங்காரம். அந்தத் தங்கை சும்மா இராமல் பௌதிக ஆசிரியையிடம் ஓடிச் சென்று சொன்னாள். அவர்கள் வந்தபோது அறைக் கதவின் இடுக்கிலிருந்து சாம்பல் நிறப் புகை கசியத் தொடங்கியிருந்தது.

பியூஸ் ஏன் காப்பாற்றவில்லை?

நம் அனைவருக்கும் முதலில் எழுந்த சந்தேகம் இதுதான். பலகையில் எம்.சி.பி. என்னும் தானியங்கி சுவிட்ச் இருந்தது. அபாயம் நேர்ந்தால் அது தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் என்றுதான் பாடத்தில் படித்திருக்கிறோம். அது ஏன் விழவில்லை?

அன்று அந்தப் பலகையிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கப்பட்டது என்று கணக்கிட்டோம். 500 வாட் மேடை விளக்குகள் பத்து. ஆகவே 5000 வாட். நடன உடைகளைத் தேய்ப்பதற்காகப் பக்கத்து அறையில் 750 வாட் இஸ்திரிப் பெட்டிகள் இரண்டு. ஆகவே 1500 வாட். மின்விசிறிகளும் ஒலிபெருக்கியும் சேர்ந்து சுமார் 400 வாட். மொத்தம் 6900 வாட். இதனை 230 வோல்ட்டால் வகுத்தால் 30 ஆம்பியர். பலகையின் எம்.சி.பி. 32 ஆம்பியருக்கானது. அதன் கண்ணுக்கு யாதொரு தவறும் நடக்கவில்லை. அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டத்தைத்தான் அது காணும்; தளர்ந்த திருகாணியைக் காணாது.

அந்தத் திருகாணி செய்த வேலையைப் பாருங்கள். ஓர் இணைப்பில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் கிடைக்கும். இறுக்கமான இணைப்பின் மின்தடை ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று கொண்டால், 30 × 30 × 0.001 = 0.9 வாட். கையால் தொட்டாலும் தெரியாத அளவு. அதே இணைப்பு தளர்ந்து, கரி படிந்து, அதன் மின்தடை பத்தில் ஒரு ஓம் ஆகிவிட்டால், 30 × 30 × 0.1 = 90 வாட். நம் ஆய்வுக்கூடத்தில் ஈயப்பற்று வைக்கும் சூட்டுக்கோல் 25 வாட்தான். அதுவே ஈயத்தை உருக்கிவிடுகிறது. அதைப் போல் மூன்று மடங்கிற்கும் மேலான வெப்பம், பட்டாணி அளவுள்ள இடத்தில், பிளாஸ்டிக்கின் நடுவே, மணிக்கணக்காக உண்டானால் என்ன ஆகும்? அதுதான் அன்று ஆயிற்று.

இந்தக் கணக்கிலிருந்து நாம் கற்ற பாடம் ஒன்று உண்டு. விறகடுப்பில் தீக்கு உணவு விறகு. மின் பலகைத் தீயிலும் பிளாஸ்டிக்கும் கம்பியின் உறையும் விறகாகின்றன. ஆனால் அங்கே இன்னொருவர் ஓயாமல் தீக்குச்சி கிழித்துக் கொண்டே நிற்கிறார். அவர்தாம் மின்சாரம். அவரை வெளியேற்றாமல் சுவாலையை மட்டும் ஊதி அணைத்தால், அடுத்த குச்சியைக் கிழிப்பார்.

தண்ணீர் வாளியும் மணல் வாளியும்

புகையைக் கண்டதும் நம் தோழி ஒருத்தி பூச்செடிக்கு வைத்திருந்த தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஆசிரியை வாளியோடு அவளைத் தடுத்து நிறுத்தினார்கள். குழாய் நீரிலும் கிணற்று நீரிலும் உப்புகள் கரைந்திருப்பதால் மின்சாரம் அதன் வழியே பாயும். மின்சாரம் உள்ள பலகையின்மேல் நீரை வீசினால், ஊற்றுபவருக்கு அதிர்ச்சி ஏற்படலாம். ஈரமான தரையில் நிற்பவர்களுக்கும் ஆபத்து. பலகைக்குள்ளேயே புதிய மின்கசிவு உண்டாகிப் பெரும் பொறி வெடிக்கவும் கூடும்.

தாழ்வாரத்தில் தொங்கும் சிவப்பு மணல் வாளியை எடுக்கலாமே என்று கேட்டோம். உலர்ந்த மணல் மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மையே. ஆனால் மின் பலகை சுவரில் செங்குத்தாக நிற்கிறது. வீசிய மணல் சரிந்து தரையில் விழுமேயன்றித் தீயின்மேல் தங்காது. அதற்காக நாம் பலகையை நெருங்க வேண்டியும் வரும். ஆகவே மணல் தரையில் சிந்திய எண்ணெய்த் தீக்கு உதவலாம். சுவரிலுள்ள தீக்கு உதவாது.

மற்றொரு தோழி, பலகையைத் திறந்து சுவிட்சைக் கீழே தள்ளிவிடலாம் என்றாள். எரியும் பலகையிலேயே கை வைப்பது எல்லாவற்றிலும் கொடிய தவறு. உள்ளே உருகிய பகுதிகள் எங்கே தொடுகின்றன என்று தெரியாது. மூடியைத் திறந்த அந்தக் கணத்தில் புதிய காற்று புகுந்து சுவாலை முகத்தில் பாயவும் கூடும். மின்சாரத்தை நிறுத்த வேண்டிய இடம் எரியும் பலகை அன்று. அதற்கு முன்னால், தூரத்தில், பத்திரமாக உள்ள சுவிட்ச்.

கரியமில வாயு செய்யும் வேலை

ஆசிரியை மின் பணியாளர் அண்ணனை மீட்டர் அறைக்கு அனுப்பி மெயின் சுவிட்சை அணைக்கச் செய்தார்கள். நம்மையெல்லாம் திடலுக்கு அனுப்பினார்கள். அலுவலகத்திலிருந்து 101-க்குத் தொலைபேசியில் செய்தி சொல்லப்பட்டது. அதற்குள் அலுவலக உதவியாளர் கணினி ஆய்வுக்கூடத்திலிருந்த தீயணைப்பான் உருளையைக் கொண்டு வந்துவிட்டார். ஆசிரியை தீயணைப்புத் துறையினர் நடத்திய பயிற்சியில் கலந்து கொண்டவர். உருளையைக் கையில் பிடித்துப் பழகியவர்.

அது 4.5 கிலோ கரியமில வாயு கொண்ட உருளை. அகன்ற கறுப்புக் கொம்பு ஒன்று அதில் பொருத்தப்பட்டிருக்கும்; அழுத்தம் காட்டும் முள் இராது. இவ்விரண்டையும் கொண்டு அதனை எளிதில் அடையாளம் காணலாம். உள்ளே வாயு பெரும் அழுத்தத்தில் திரவமாக அடைபட்டுள்ளது. பிடியை அழுத்தியதும் வெண்மேகம் போல் சீறி வந்து, தீயைச் சுற்றியுள்ள பிராணவாயுவை விலக்கிவிடுகிறது. அது மின்சாரத்தைக் கடத்தாது. வேலை முடிந்ததும் ஆவியாய்ப் போய்விடும். பலகையில் எதுவும் படியாது. உலர்பொடித் தீயணைப்பானின் பொடியும் மின்சாரத்தைக் கடத்தாதுதான். வேறு வழி இல்லையெனில் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் அந்தப் பொடி சுவிட்சுகளின் நுண்ணிய தொடுமுனைகளில் ஒட்டி, ஈரத்தை உறிஞ்சி, நாளடைவில் உலோகத்தை அரித்துவிடும்.

கரியமில வாயுவுக்கும் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, அது விரைவில் தீர்ந்துவிடும். அந்த உருளை ஏறக்குறைய பதினைந்து நொடிகளுக்கே வரும். மற்றது, அது மூச்சை அடைக்குமேயன்றிச் சூட்டை அவ்வளவாகத் தணிக்காது. கொம்பிலிருந்து வரும் வெண்துகள்கள் பூஜ்யத்திற்குக் கீழ் 78 டிகிரி குளிர்ந்தவைதாம். ஆயினும் அவற்றின் அளவு சிறிது. கனன்று கொண்டிருக்கும் செம்பையும் கரியையும் ஆறவைக்க அது போதாது. வாயு கலைந்து காற்று திரும்பியதும், சூடு மிஞ்சியிருந்தால் தீயும் திரும்பும்.

இரண்டு மீட்டர்

ஆசிரியை அறைக்குள் நுழையவில்லை. தாழ்வாரத்தில், வெளியேறும் வழி முதுகுப்புறம் இருக்குமாறு நின்று, உதவியாளரைக் கொண்டு கதவைச் சிறிதளவே திறக்கச் செய்தார்கள். பலகைக்கும் அவர்களுக்கும் இடையே ஏறக்குறைய இரண்டு மீட்டர் தூரம். அங்கிருந்து சுவாலையின் நுனியை நோக்காமல் அடிப்பகுதியை நோக்கி வாயுவைச் செலுத்தினார்கள்.

மின்சாரத்தைக் கடத்தாத வாயுவென்றால் இவ்வளவு தூரம் எதற்கு என்று நாம் பிறகு கேட்டோம். வாயு கடத்தாதுதான், ஆனால் உருளையும் கையும் கடத்துமே என்றார்கள். பலகையில் மின்சாரம் நின்றுவிட்டது என்பதை வெளியில் நிற்பவர் கண்ணால் பார்த்து உறுதி செய்ய இயலாது. ஆகவே அது உயிரோடிருப்பதாகவே எண்ணி நடந்துகொள்ள வேண்டும். எந்நிலையிலும் ஒரு மீட்டருக்குள் கொம்பையோ கையையோ கொண்டு போகலாகாது. மேலும், மிக நெருங்கி நின்றால் வாயுவின் வேகமே எரியும் பிளாஸ்டிக் துளிகளைச் சிதறடிக்கும். மூன்று மீட்டருக்கு அப்பால் நின்றாலோ வாயு தீயைச் சேருமுன் கலைந்துவிடும். ஆகவேதான் இரண்டு மீட்டர். கொம்பை வெறுங்கையால் பிடிக்கக் கூடாது. கடுங்குளிரால் தோல் புண்ணாகும். அதற்கென உள்ள பிடியைத்தான் பற்ற வேண்டும்.

அறைக்குள் நுழையாததற்கு இன்னொரு காரணம் உண்டு. இதையும் கணக்கிட்டுப் பார்த்தோம். 4.5 கிலோ கரியமில வாயு, நம் ஊர் வெப்பநிலையில் ஏறக்குறைய இரண்டரை கன மீட்டர் இடத்தை நிரப்பும். அந்த அறையோ நீளம் 2 மீட்டர், அகலம் 1.5 மீட்டர், உயரம் சராசரி 2.5 மீட்டர், ஆகவே 7.5 கன மீட்டர். வாயு முழுதும் உள்ளே தங்கினால் அறைக் காற்றில் மூன்றில் ஒரு பங்கு கரியமில வாயுதான். பாதி வெளியே போய்விட்டதென்றாலும் நூற்றுக்குப் பதினாறு பங்கு மிஞ்சும். நாம் சுவாசிக்கும் நல்ல காற்றில் அது நூற்றுக்கு 0.04 பங்கே. நூற்றுக்கு மூன்று ஆனாலே தலைவலியும் மூச்சிரைப்பும் உண்டாகும். பத்து ஆனால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். பதினாறு என்றால் அந்தச் சில நிமிடங்களும் இல்லை. இந்த வாயுவுக்கு நிறமோ எச்சரிக்கும் நாற்றமோ கிடையாது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானதால் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். தீயை மூச்சுத் திணற வைப்பது நம்மையும் திணற வைக்கும் என்பதை அந்தச் சிறிய அறை நமக்குக் கற்பித்தது. கம்பி உறை எரிந்த புகையோ அதனினும் கொடியது. அதிலுள்ள அமில வாயு கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

அணைந்த தீ எழுந்தது

பத்து நொடிகளில் சுவாலை மறைந்தது. கதவைச் சாத்திவிட்டு அனைவரும் பெருமூச்சு விட்டனர். மூன்று நிமிடங்கள் சென்றிருக்கும். வளாகத்தின் பின்புறத்திலிருந்து தடதடவென்று ஓர் ஓசை எழுந்தது. கலையரங்கத்தின் மின்விசிறிகள் மெல்லச் சுழலத் தொடங்கின. கதவிடுக்கில் மறுபடியும் செந்நிற ஒளி தெரிந்தது.

நடந்தது இதுதான். பின்புறக் கொட்டகையிலிருந்த காவற்காரத் தாத்தாவுக்குத் தீ பற்றியது தெரியாது. விளக்குகள் அணைந்ததைக் கண்டார். விழா வேலை நிற்கக் கூடாதே என்று ஜெனரேட்டரை ஓட்டி, மாற்று சுவிட்சையும் திருப்பிவிட்டார். "கரண்ட் போச்சுன்னா போடுறதுதானே சிஸ்டர், தினமும் செய்யுற வேலைதானே" என்று பிறகு தலைமையாசிரியை சிஸ்டரிடம் கண்கலங்கிச் சொன்னார். அவர்மீது குற்றமில்லை. அவரிடம் யாரும் சொல்லவில்லை என்பதே குற்றம்.

நாம் அணைத்த மெயின் சுவிட்ச் மீட்டருக்கு அடுத்தபடியாக உள்ளது. அது மின்வாரியத்தின் மின்சாரத்தை மட்டுமே நிறுத்தும். ஜெனரேட்டரின் மின்சாரமோ அந்த சுவிட்சைக் கடந்த பிறகு, மாற்று சுவிட்சில்தான் வந்து சேர்கிறது. இரண்டு வாய்க்கால்கள் கூடி ஓர் ஓடையாய் வயலுக்குப் போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாய்க்காலின் மடையை மட்டும் அடைத்தால் வயல் காயுமா? இரண்டும் கூடிய இடத்திற்கு அப்பால், வயலுக்கு முன்னால் உள்ள மடையை அடைக்க வேண்டும். கலையரங்கத்திற்கு மட்டும் மின்சாரம் செல்லும் கிளை சுவிட்ச் ஒன்று, மாற்று சுவிட்சுக்கு அடுத்தே இருந்தது. முதலிலேயே அதை அணைத்திருந்தால், ஜெனரேட்டர் ஓடினாலும் அந்தப் பலகைக்கு மின்சாரம் போயிராது.

மின் பணியாளர் அண்ணன் ஓடிச்சென்று அந்தக் கிளை சுவிட்சை அணைத்தார். முதல் உருளையில் மிஞ்சியிருந்தது சிறிதே. வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்த 2 கிலோ உருளையைக் கொண்டுவந்து இரண்டாம் முறை செலுத்திய பிறகே தீ அடங்கியது. அப்போதும் அடங்கியிராவிட்டால் கதவைச் சாத்திவிட்டு விலகிவிடுவதென்றே ஆசிரியை முடிவு செய்திருந்தார்கள். கையிலுள்ள உருளை தீர்ந்தும் தீ அடங்கவில்லையெனில் அது நம் வேலை அன்று.

தீயணைப்பு வண்டி வந்தது. அலுவலர் அறையைப் பார்க்குமுன் கேட்ட முதற்கேள்வி, "எங்கே அணைத்தீர்கள் அம்மா? இன்வெர்ட்டர், சோலார் ஏதாவது இந்த போர்டுக்கு வருகிறதா?" என்பதே. இன்வெர்ட்டரின் பேட்டரி, மெயினை அணைத்த உடனேதான் வேலையைத் தொடங்கும். கூரையிலுள்ள சூரியத் தகடுகளிலிருந்து இறங்கும் கம்பியில், எந்த மெயினை அணைத்தாலும் வெயில் உள்ளவரை மின்னழுத்தம் இருக்கும். நல்லவேளையாக அந்தப் பலகைக்கு இரண்டும் வரவில்லை. அவர்கள் கதவை முழுதும் திறந்து, வாயு கலையும்வரை காத்திருந்து, சோதனைக் கருவியால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பிறகே மூடியைக் கழற்றினார்கள். உள்ளே வரும் பிரதான கம்பியின் திருகாணி அரைச்சுற்று தளர்ந்திருந்தது. அதைச் சுற்றிலும் கம்பியின் உறை விரல் நீளத்திற்குக் கரிந்து போயிருந்தது. வேறெங்கும் பழுதில்லை.

கடல் கடந்த ஒரு சான்று

கரியமில வாயு அணைக்கும், ஆனால் ஆறவைக்காது என்பதற்கு ஒரு பெரிய சான்றை நம் ஆசிரியை எடுத்துக் காட்டினார்கள். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பிரௌன்ஸ் பெர்ரி என்னும் அணுமின் நிலையம் உள்ளது. 1975 மார்ச் 22-ஆம் நாள் நண்பகலில், சுவரில் கம்பிகள் நுழையும் துளைகளில் காற்றுக் கசிகிறதா என்று ஒரு பணியாளர் மெழுகுவர்த்திச் சுடரால் சோதித்தார். துளையை அடைத்திருந்த நுரைப்பொருள் தீப்பற்றி, நூற்றுக்கணக்கான மின்கம்பிகளுக்குப் பரவியது. கரியமில வாயுவையும் உலர்பொடியையும் மணிக்கணக்காகப் பயன்படுத்தியும் கம்பிக் குவியலின் உட்புறம் கனன்று கொண்டேயிருந்தது. மின்சாரத்திற்கு அஞ்சித் தண்ணீரைத் தள்ளி வைத்திருந்தனர். மாலையில், ஏறக்குறைய ஏழு மணி நேரம் சென்ற பிறகு தண்ணீரைப் பாய்ச்சினர். விரைவில் தீ அணைந்தது.

இதனால் மின் தீக்குத் தண்ணீர் ஊற்றலாம் என்று எண்ணிவிடாதீர்கள். ஆழ்ந்து கனலும் தீயை எப்போது, எவ்வாறு நீரால் ஆறவைப்பது என்று தீர்மானிப்பது பயின்ற தீயணைப்பு வீரர்களின் வேலை. நாம் கொள்ள வேண்டியது இதுவே: சிறிய பலகைத் தீக்குக் கரியமில வாயு ஏற்றது, ஆனால் சுவாலை மறைந்ததைக் கண்டு தீ முடிந்தது என்று நம்பிவிடக் கூடாது. மின்சாரத்தை நிறுத்தியபின், குறைந்தது அரைமணி நேரமாவது தூரத்தில் நின்று ஒருவர் கண்காணிக்க வேண்டும்.

இப்போது நம் பள்ளியில்

கலையரங்கத்தின் கிளை சுவிட்சுக்குச் சிவப்பு வண்ணம் பூசி, எந்த அறைக்கு எது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அதனருகே ஆணியில் ஓர் அட்டை தொங்குகிறது. "போடாதே! வேலை நடக்கிறது" என்று அதில் எழுதியது நம் மன்றத் தோழியரே. சுவிட்சை அணைப்பவர் அந்த அட்டையை அதன்மேல் மாட்டிவிட்டு, மற்றவர் கை படாதபடி அருகிலேயே ஒருவரை நிறுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. மணி மூன்று முறை விட்டு விட்டு அடித்தால் ஜெனரேட்டரைத் தொடக்கூடாது என்பது காவற்காரத் தாத்தாவுக்கும் நமக்கும் உள்ள ஒப்பந்தம். படிக்கட்டு அறைக்கு வெளியே, கதவிலிருந்து நாலடி தள்ளி ஓர் உருளை மாட்டப்பட்டுள்ளது. உள்ளே மாட்டினால் தீயின்போது அதை எடுக்க முடியாது அல்லவா? அதில் அழுத்தம் காட்டும் முள் இல்லாததால் ஆண்டுதோறும் எடை போட்டுப் பார்க்கிறார்கள். நிரப்பிய வாயுவில் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் குறைந்திருந்தால் மீண்டும் நிரப்ப அனுப்ப வேண்டும். திருகாணிகளையும் ஆண்டுக்கு ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மின் பணியாளர் இறுக்கிப் பார்க்கிறார்.

மாணவியராகிய நம் வேலை உருளையைத் தூக்குவது அன்று. நெடியையும் மினுக்கலையும் ரீங்காரத்தையும் கண்டவுடன் பெரியவரிடம் சொல்வது; புகை இருந்தால் தாழக் குனிந்து வெளியேறுவது; 101 அல்லது 112-க்குச் செய்தி போயிற்றா என்று பார்ப்பது; தண்ணீர் வாளியோடு ஓடும் தோழியைத் தடுப்பது. இவ்வளவே.

அந்த ஒன்பதாம் வகுப்புத் தங்கை இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். சென்ற மாதம் அவள் மீண்டும் ஒருநாள், "அக்கா, மீன் வாசனை" என்றாள். இம்முறை நாம் ஒருவரும் சிரிக்கவில்லை. நால்வராய்ச் சென்று கிளை சுவிட்சும் பலகையும் உள்ள இடங்களைப் பார்க்கச் சொன்னோம். மின் பணியாளர் அண்ணனும் வந்து பார்த்தார். பலகையில் ஒன்றுமில்லை. அன்று விடுதியில் உண்மையாகவே மீன் குழம்புதான்!